கடைசிப் பத்தியைக் கையால் மூடுங்கள்: சிறுவர் கதையின் நீதியை நிகழ்ச்சிக்குள் கொண்டுவருவது எப்படி

பாம்பனில் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கதை படிக்கிறேன். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று சுற்றுவட்டாரத்தில் புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கதைகளை எனக்குக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான கதைகளில் கடைசிப் பத்தியில் ஒரு தாத்தாவோ ஆசிரியரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். "ஆகவே குழந்தைகளே" என்று நான் படிக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் செருப்பைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்தப் பத்தியை வெட்டிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்டிப் பார்த்தால் பல கதைகளில் நீதியே மிஞ்சவில்லை. பிரசங்கம் இருந்த இடம் கடைசிப் பத்தி, ஆனால் பழுது இருந்தது கதையின் நடுவில். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறையை, சமீபத்தில் நானும் எழுதியவரும் சேர்ந்து திருத்திய ஒரே ஒரு கதையை வைத்துச் சொல்கிறேன். எழுதியவர் தங்கச்சிமடத்துக்காரர். இது அவருடைய முதல் கதை. அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கதை இதுதான். ஜெரின் என்ற சிறுவன் விடிகாலையில் தாத்தாவோடு கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றுகிறான். ஒரு பெரிய சினை நண்டு கிடைக்கிறது. "அதைக் கடலில் விட்டுவிடு" என்கிறார் தாத்தா. ஜெரின் கேட்காமல் வியாபாரியிடம் விற்றுப் பந்து வாங்கிவிடுகிறான். அன்று இரவு சூறைக்காற்று அடித்துத் தாத்தாவின் வத்தைப் படகு நங்கூரக் கயிறு அறுந்து பாறையில் மோதி உடைகிறது. பிறகு இந்தப் பத்தி வருகிறது:

"ஜெரின், பார்த்தாயா? பேராசை பெருநட்டம். இயற்கை அன்னை நமக்கு வேண்டியதையெல்லாம் தருவாள். நாம் அவளுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்றார் தாத்தா. ஜெரின் தன் தவறை உணர்ந்தான். அன்று முதல் அவன் பேராசைப்படுவதை விட்டுவிட்டான். ஆகவே குழந்தைகளே, நாமும் இயற்கையைப் பாதுகாக்க வேண்டும்."

முதல் வேலை: மூடிப் படித்துக் காட்டுவது

எந்தக் கதை கைக்கு வந்தாலும் கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு மீதியை மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். ஏழு வயதிலிருந்து பத்து வயதுக்குள் இருந்தால் நல்லது. படித்து முடித்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடம் ஏற்கெனவே பதில் பழக்கி வைத்திருக்கிறது. எந்தக் கதைக்கும் "பொய் சொல்லக் கூடாது", "பெரியவங்க சொன்னாக் கேக்கணும்" என்று ஒப்பித்துவிடுவார்கள். "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்தக் கதைக்கு எனக்குக் கிடைத்த பதில்: "காத்து அடிச்சு வத்தை உடைஞ்சு போச்சு." மூன்று பேரும் அதைத்தான் சொன்னார்கள். ஒருவரும் நண்டைப் பற்றிப் பேசவில்லை. எழுதியவர் நண்டைப் பற்றிக் கதை எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கேட்டதோ காற்றைப் பற்றிய கதை. நீதி நண்டில் இருக்கிறது, கதையின் பெரிய நிகழ்ச்சி காற்றில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டவைக்கத்தான் தாத்தா பேச வேண்டியிருந்தது. பிள்ளைகள் திருப்பிச் சொல்வதில் உங்கள் நீதிக்குரிய பொருளே வரவில்லை என்றால், முடிவைத் தொடாதீர்கள். நடுவுக்குப் போங்கள்.

நிகழ்ச்சிகளுக்கு இடையே "அதனால்" போட்டுப் பார்ப்பது

கதையின் நிகழ்ச்சிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் "அதனால்" என்ற சொல்லைப் போடுங்கள். நண்டை விற்றான். அதனால் காசு வந்தது. அதனால் பந்து வாங்கினான். இதுவரை சரி. அதனால் சூறைக்காற்று அடித்தது? அங்கே வாய் தடுக்குகிறது. எங்கே "அதனால்" பொருந்தாமல் "அப்புறம்" என்றுதான் சொல்ல முடிகிறதோ, அங்கேதான் கதை உடைந்திருக்கிறது. செய்ததற்கும் வந்ததற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை நிரப்பத்தான் பின்னால் ஒருவர் எழுந்து பேசுகிறார்.

காற்றையும் புயலையும் தண்டனையாக எழுதுவதை எந்தக் கரையிலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கரையில் சுத்தமாக ஒத்துக்கொள்ள மாட்டேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அதில் ஆட்களை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று என் எதிரில் உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாக்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தப்புச் செய்தவன் படகு உடையும் என்று அவர்களிடம் சொன்னால், உன் வீட்டில் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னதாக ஆகிவிடும். கதை எழுதிய அந்தத் தங்கையிடம் இதை நான் சொன்னதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தார்.

அடித்தபின் அவருக்கு முதலில் தோன்றிய மாற்றுவழி: மறுநாளிலிருந்து வலையில் நண்டே விழவில்லை என்று எழுதிவிடலாமா? புதிதாக எழுதுகிறவர்கள் அடுத்து வழுக்குவது இங்கேதான். சினை நண்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் நண்டு குறையும் என்பது உண்மை. ஆனால் அது பல வலைகள், பல பருவங்கள் சேர்ந்து செய்வது. ஒரு பையன் விற்ற ஒரு நண்டால் மறுநாள் கடல் காலியாகாது. கச்சான் காற்று பலமாக அடித்தால் வலை வெறுமையாக வரும் என்று கரையோரப் பிள்ளைக்குத் தெரியும். அதைத் தண்டனை என்று சொன்னால் நம்பாது. கதை நடக்கும் கால அளவுக்குள் உண்மையிலேயே வெளிப்படக்கூடிய விளைவைத்தான் தேட வேண்டும். ஜெரினின் கதை இரண்டு நாளில் முடிகிறது. சினை நண்டைப் பற்றி இரண்டு நாளில் ஒரு பையன் கண்ணால் பார்க்கக்கூடியது என்ன?

பொருளைத் தெரிந்தவரிடம் கேட்பது

இதற்கு மேசையில் உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை. நண்டு வலை போடுகிற ஒருவரிடம் நானும் எழுதியவரும் போய்க் கேட்டோம். அவர் பெண் நண்டு ஒன்றைப் புரட்டிக் காட்டினார். ஆண் நண்டுக்கு வயிற்று மடல் ஒடுங்கி இருக்கும், பெண்ணுக்கு அகலமாக இருக்கும். சினை பிடித்ததும் அந்த மடலுக்கு வெளியே முட்டை கொத்தாகத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், நாளாக ஆகப் பழுப்பாகும், பொரிக்கும் தறுவாயில் சாம்பலும் கருப்புமாக மாறிவிடும். ஒரு நண்டில் இலட்சக்கணக்கில் முட்டை. பொரித்து வருகிற குஞ்சு நண்டு மாதிரியே இருக்காது. தண்ணீரில் மிதக்கும் தூசி மாதிரி இருக்கும். அந்தத் தூசி வெளிச்சத்தை நோக்கி நீந்தி வரும்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கதை கிடைத்துவிட்டது. கருத்த முட்டையோடு ஒரு நண்டை ஒரு ராத்திரி வீட்டில் தண்ணீரில் வைத்திருந்தால், பையன் டார்ச் அடித்துப் பார்த்தால், அது அவன் கண்முன்னே நடக்கும். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டதில் இன்னொரு பயனும் உண்டு. பழைய கதையில் நண்டு, "என் குஞ்சுகள் வீட்டில் காத்திருக்கின்றன" என்று அழுதது. நண்டு குஞ்சை வளர்ப்பதில்லை. நான் அந்த வரியைப் படித்தபோதே பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். கடலைப் பற்றி ஒரு பொய் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கதை சொல்லும் வேறு எதையும் பிள்ளை நம்பாது.

நீதியைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்குவது

"இயற்கையைப் பாதுகாக்க வேண்டும்" என்பதைக் காட்சியாக எழுத முடியாது. அது ஒரு செயலே அல்ல. அதை ஒரு பையன், ஒரு நொடியில், தன் கையால் செய்யக்கூடிய ஒன்றாகக் குறுக்க வேண்டும். எங்களுக்கு வந்தது: பெரிய நண்டு கையில் இருக்கும்போது சின்ன நண்டை எடுத்துக்கொள்வது. உங்கள் கதையின் நீதியும் இப்படி ஒரு கைவேலையாகக் குறுகும்வரை எழுத ஆரம்பிக்காதீர்கள். "நேர்மை" என்பது மீதிச் சில்லறையைத் திருப்பி நீட்டும் கையாகட்டும். "பகிர்வு" என்பது இரண்டாகப் பிட்ட பனங்கிழங்கில் எந்தப் பாதியை நீட்டுகிறாள் என்பதாகட்டும்.

அதே தேர்வை இரண்டு முறை கொடுப்பது

நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றில் இதைத்தான் முதலில் சொல்லுவேன். கதையின் தொடக்கத்தில் பாத்திரத்திற்கு ஒரு தேர்வு வரட்டும். அவன் ஒருவிதமாகத் தேர்ந்தெடுக்கட்டும். நடுவில் ஏதோ ஒன்றைப் பார்க்கட்டும். கடைசியில் அதே தேர்வு, அதே இடத்தில், அதே விலையோடு திரும்பி வரட்டும். இப்போது அவன் வேறு மாதிரித் தேர்ந்தெடுத்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடுதான் நீதி. "உணர்ந்தான்" என்று எழுத வேண்டியதை அந்த இரண்டாம் தேர்வு எழுதிவிடும்.

இதற்கு இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. தாத்தா "விட்டுவிடு" என்று சொல்வதை எடுத்துவிட்டோம். பெரியவர் தடுத்து, பையன் மீறினால், அது கீழ்ப்படிதலைப் பற்றிய கதையாக மாறிவிடும், நண்டு காணாமல் போய்விடும். அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு வைத்தோம்: நண்டு கழற்ற உதவினால் நாளுக்கு ஒரு நண்டு ஜெரினுக்கு. எது என்பதை அவனே எடுத்துக்கொள்ளலாம். வியாபாரி எடை போட்டுக் காசு கொடுப்பார். அவன் பந்து வாங்கச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். இப்போது பெரிய நண்டை எடுக்க அவனுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. தவறான பக்கத்துக்கும் நியாயம் இருந்தால்தான் அது தேர்வு. முதல் கதையில் ஜெரின் பேராசைக்காரன் என்று எழுதியிருந்தது. பந்து வேண்டும் என்று நினைப்பது பேராசை அல்ல, பிள்ளைகள் எல்லோரும் அவன் பக்கம்தான் நிற்பார்கள். நிற்கட்டும். அவனோடு நின்றால்தான் அவனோடு நடந்து வருவார்கள்.

முதல் தேர்வு இப்படி ஆனது:

"இன்னைக்கு எது உனக்கு?" என்று கேட்டார் தாத்தா. ஜெரின் கூடையைக் கிளறினான். அடியில் ஒரு பெரிய பெண் நண்டு. வயிற்றுக்குக் கீழே கருப்பாக, சாம்பலில் புரட்டிய பஞ்சு மாதிரி ஒரு கொத்து. தூக்கிப் பார்த்தான். கனத்தது. "இதுதான்." தாத்தா அவன் கையைப் பார்த்தார். பிறகு வலைக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வியாபாரி கொட்டகை மூடியிருக்கிறது. மறுநாள்வரை நண்டு சாகாமல் இருக்க, அவன் அகலமான பாத்திரத்தில் கடல்தண்ணீர் ஊற்றி வைத்து, சாயங்காலம் தண்ணீரை மாற்றுகிறான். கவனியுங்கள், காசுக்காகத்தான் அவன் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறான். அந்தக் காரணமே அவனைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இப்போது "அதனால்" எல்லா இடத்திலும் பொருந்துகிறது.

நடுக்காட்சிக்கு இடம் கொடுப்பது

பிரசங்கத்தில் வெட்டிய சொற்களை இங்கே செலவழியுங்கள். பழைய கதையில் நண்டு விற்றதற்கு ஒரு வரி, தாத்தா பேச்சுக்கு ஆறு வரி. அதைத் தலைகீழாக்கினோம்:

நடுராத்திரி சளக் சளக்கென்று சத்தம். ஜெரின் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். நண்டு பின்னங்காலில் எழும்பி நின்று வயிற்று மடலை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு புகை கிளம்பியது. தண்ணீர் கலங்கிவிட்டது, காலையில் செத்துவிடும் என்று பயந்தான். டார்ச்சைப் பாத்திரத்தின் வலது பக்கம் பிடித்தான். தூசி வலது பக்கம் வந்தது. இடது பக்கம் பிடித்தான். தூசி முழுவதும் இடது பக்கம் வந்தது. அவன் டார்ச்சை அணைத்தான். மறுபடி போட்டான். எல்லாம் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தன.

முதல் வடிவில் இதற்குக் கீழே "அவை உயிருள்ள குஞ்சுகள் என்று ஜெரினுக்குப் புரிந்தது" என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டுப் படித்தோம். கேட்டுக்கொண்டிருந்த பெண் குழந்தை ஒன்று, "குஞ்சு, குஞ்சு!" என்று கத்திவிட்டாள். அந்தக் கத்தலை நாம் எழுதிவிட்டால் அவளுக்கு அது கிடைத்திருக்காது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பிடிபடாது. சின்னவன் ஒருவன் கடைசிவரை அது மண் என்றே நினைத்தான். பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் பிடிபடவில்லை என்றால், முடிவில் விளக்கம் சேர்க்காதீர்கள், இந்த இடத்திலேயே இன்னொரு செயலைச் சேருங்கள். டார்ச்சை அணைத்துப் போடும் வரி அப்படிப் பின்னால் சேர்ந்ததுதான்.

விடியுமுன் அவன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் முழங்காலளவு போய்ச் சாய்க்கிறான். தாய் நண்டை? அதை வியாபாரியிடம் விற்கிறான். இதில் எனக்கும் எழுதியவருக்கும் பெரிய வாக்குவாதம். அதையும் விட்டுவிட வேண்டும் என்றார் அவர். முட்டை பொரிந்துவிட்டது, பந்து ஆசை அப்படியே இருக்கிறது, ஒரே ராத்திரியில் அவனைப் புனிதனாக்கினால் பிள்ளைகள் விலகிவிடுவார்கள் என்றேன் நான். விற்கும் வரியே நின்றது.

மொழியில் ஒளிந்திருக்கும் பிரசங்கத்தைச் சீவுவது

கதை சரியான பிறகும் சில வரிகள் உபதேசம் செய்துகொண்டிருக்கும். தமிழில் அவற்றைப் பிடிக்க நல்ல அடையாளங்கள் உண்டு. கதை இறந்தகாலத்தில் போகும்: வந்தான், எடுத்தாள். உபதேசம் வந்ததும் வினைமுற்று "உம்"முக்கு மாறும்: நன்மை விளையும், கேடு வரும். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். கணினியில் தட்டச்சு செய்திருந்தால் "வேண்டும்", "கூடாது", "உணர்ந்தான்", "திருந்தி" என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அகப்படுவது எல்லாம் குற்றமில்லை. "பந்து வேண்டும்" என்பது ஆசை, அது இருக்கட்டும்.

இன்னொன்று, பேச்சுநடை. அதுவரை "என்னடா, தூங்கலையா?" என்று பேசிய தாத்தா, நீதி சொல்ல வந்ததும் "பார்த்தாயா, துரோகம் செய்யக்கூடாது" என்று மேடைத் தமிழுக்கு ஏறிவிடுகிறார். பாத்திரத்தின் வாயில் எழுத்தாளர் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அந்த வசனத்தை அவர் கரையில் உண்மையாகவே எப்படிப் பேசுவாரோ அப்படி மாற்றி எழுதிப் பாருங்கள். பேச்சுநடையில் சொல்லவே வரவில்லை என்றால், அது அவர் வசனம் இல்லை, எடுத்துவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது

இரண்டாம் தேர்வு முடிந்த அந்த வரியில் நிறுத்துங்கள். எங்கள் முடிவு:

மறுநாள் கூடையில் இரண்டு நண்டு மிச்சம். ஒன்று உள்ளங்கை அகலம். இன்னொன்று பெரிது. வயிற்றுக்குக் கீழே மஞ்சள் கொத்து. "எது உனக்கு?" என்றார் தாத்தா. ஜெரின் பெரியதைத் தூக்கினான். கனத்தது. அதைத் திருப்பிப் பார்த்தான். எழுந்து போய்த் தண்ணீரில் இறக்கிவிட்டு வந்து, சின்னதை எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டான். தாத்தா அவன் உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.

இதற்குப் பிறகு "தாத்தா பெருமையாகப் புன்னகைத்தார்" என்று சேர்க்க எழுதியவருக்கு ஆசையாக இருந்தது. அந்தப் புன்னகையும் பிரசங்கம்தான், சொல்லில்லாத பிரசங்கம். அதேபோல வியாபாரி மனம் உருகிப் பந்தை இலவசமாகக் கொடுப்பதும். பரிசு வந்துவிட்டால், பெரிய நண்டை விட்டதற்கு விலை இல்லாமல் போய்விடுகிறது. விலை இல்லாத இடத்தில் தேர்வும் இல்லை. ஜெரினுக்குப் பந்து இன்னும் சில நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

முடித்த பிறகு, முன்பு கேட்காத வேறு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். இந்தமுறை கேள்வியை மாற்றுங்கள்: "நாளன்னைக்கு ஜெரின் என்ன பண்ணுவான்?" மாறிய மனத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்களா என்பது இதில் தெரிந்துவிடும். எனக்கு வந்த பதில்களில் ஒன்று: "முட்டை கருப்பா இருந்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் லைட் அடிச்சுப் பாப்பான். மஞ்சளா இருந்தா விட்டுருவான்." இன்னொருத்தி, "தாத்தா நண்டையும் அவன் விட்டுருவானா, அவர் திட்டுவாரே?" என்று கேட்டாள். அதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். நான் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சில போட்டிகளும் பள்ளி மலர்களும் கதைக்கு அடியில் "நீதி:" என்று ஒரு வரி கட்டாயம் கேட்கின்றன. கதைக்குள் அதைத் திணிக்காமல், கதை முடிந்து ஒரு வரி இடைவெளி விட்டுத் தனியாகக் கொடுங்கள். முடிந்தால் அதையும் கேள்வியாகவே எழுதுங்கள். நாங்கள் எழுதிக் கொடுத்தது: "சின்ன நண்டை எடுத்துக்கொண்ட ஜெரின், பந்துக்கு என்ன செய்திருப்பான்?"